பூட்டு இருக்கிறது, சாவி எங்கே? எஸ்.எஸ்.டி. குறியாக்கத்தை ஏன் சரிபார்த்தே நம்ப வேண்டும்

திருத்தணியிலிருந்து திருவள்ளூருக்கும் சென்னைக்கும் வழக்குகளுக்காகப் போய்வரும் எங்களுக்குப் புறநகர் ரயிலே பாதி அலுவலகம். மடியில் விரித்த மடிக்கணினியில்தான் மனுக்களைத் திருத்துகிறோம். சாட்சிகளின் கூற்றுகளை மீண்டும் ஒருமுறை படிக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒரு வழக்கின் கோப்புறையில் என்னவெல்லாம் இருக்கும் என்பதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, சாதிச் சான்றிதழ், கைப்பேசியில் எடுத்த காணொளி, ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம் இப்போது தங்கியிருக்கும் முகவரி, இன்னும் சாட்சி சொல்லாதவரின் தொலைபேசி எண். இந்தக் கடைசி இரண்டும் தவறான கைக்குப் போனால், சாட்சி பிறழ்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் மறைக்கவும், அவர்களது அடையாளத்தை வெளியிடக் கூடாது என உத்தரவிடவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. நீதிமன்றம் மறைத்துவைத்த முகவரி நம் பையிலிருக்கும் மடிக்கணினியில் திறந்து கிடந்தால் அந்த உத்தரவால் என்ன பயன்?

"நம் கணினி குறியாக்கம் செய்யப்பட்டது, தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாது" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்த சட்டக்கல்லூரி மாணவி ஒருவர் ஒருநாள் அலுவலகக் கணினிகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மடிக்கணினியின் திரையை என் பக்கம் திருப்பி, "பிட்லாக்கர் இயங்குகிறது தோழர். ஆனால் குறியாக்கம் செய்வது விண்டோஸ் இல்லை, வட்டு என்று காட்டுகிறது. அந்த வட்டை நாம் நம்பலாமா?" என்று கேட்டார். 2018இல் நண்பர் ஒருவர் புதிய எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி, விண்டோஸ் நிறுவி, பிட்லாக்கரையும் இயக்கிக் கொடுத்த கணினி அது. அந்த வட்டின் மாதிரிப் பெயர், அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வின் பட்டியலில் இருந்தது. ஏழைகளின் வழக்குகளை நடத்தும் பல அலுவலகங்களில் இத்தகைய பழைய கணினிகள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த ஆய்வு கண்டறிந்ததையும் அதற்குப் பின் நாங்கள் செய்ததையும் இங்கே விளக்குகிறேன்.

வட்டுக்குள் ஒரு கணினி

எஸ்.எஸ்.டி. என்பது வெறும் நினைவகச் சில்லுகளின் தொகுப்பு அன்று. அதற்குள்ளேயே ஒரு சிறிய செயலி இருக்கிறது. எந்தத் தரவை எந்தச் சில்லில் எழுதுவது, எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்பதை அந்தச் செயலியில் ஓடும் மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்த மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். தயாரிப்பு நிறுவனம் எழுதுகிறது. அதன் மூலநிரலை வெளியார் பார்க்க முடியாது. பிழைகள் தெரியவரும்போது நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அதை வட்டுக்குள் ஏற்றுவதே ஃபர்ம்வேர் புதுப்பித்தல்.

பல எஸ்.எஸ்.டி.கள் "தானே குறியாக்கம் செய்யும் வட்டு" என்ற விளம்பரத்தோடு விற்கப்படுகின்றன. அந்த விளம்பரம் ஓரளவு உண்மைதான். வட்டு எழுதும் ஒவ்வொரு தரவையும், தன்னிடம் உள்ள ஒரு சாவியைக்கொண்டு குறியாக்கம் செய்தே சில்லில் பதிக்கிறது. அதைத் தரவுச் சாவி என்று அழைப்போம். ஏ.இ.எஸ். 256 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இந்தப் பகுதியைத்தான். அந்தக் கணிதத்தில் குறையில்லை. தரவுச் சாவி எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

சரியான முறை இதுதான். பயனர் தரும் கடவுச்சொல்லிலிருந்து இன்னொரு சாவி கணக்கிட்டு உருவாக்கப்பட வேண்டும். அந்த இரண்டாம் சாவியால் தரவுச் சாவியைப் பூட்டி, பூட்டிய வடிவத்தில் மட்டுமே வட்டில் வைக்க வேண்டும். அப்போது கடவுச்சொல் தெரியாதவர் வட்டைப் பிரித்துச் சில்லுகளைத் தனியே எடுத்தாலும் தரவுச் சாவியைப் பெற முடியாது. திறப்பதற்குத் தேவையான செய்தி வட்டுக்குள் எங்குமே இல்லை. அது பயனரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தவறான முறையில் தரவுச் சாவி வட்டுக்குள் திறந்தபடியே கிடக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்ப்பது ஃபர்ம்வேரின் ஒரு வரி மட்டுமே. சரியாக இருந்தால் விடு, இல்லையென்றால் மறு. பதிவறையின் சாவியை வாசலில் இருக்கும் காவலாளியின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, அடையாளச் சொல் கேட்கும்படி அவரிடம் சொல்லிவைத்ததைப் போன்றது இது. அடையாளச் சொல்லை ஊகிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். காவலாளியை மாற்றிவிடுவார்கள்.

பயன்படுத்துபவருக்கு இந்த இரண்டு முறைகளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். இரண்டிலும் கடவுச்சொல் கேட்கப்படும். இரண்டிலும் தவறான கடவுச்சொல் மறுக்கப்படும்.

2018 நவம்பரில் தெரியவந்தது

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் ஆகிய இரு ஆய்வாளர்கள், சந்தையில் பரவலாக விற்ற சில எஸ்.எஸ்.டி.களின் ஃபர்ம்வேரைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டுத் தேசிய இணையப் பாதுகாப்பு மையத்தின் வழியாகத் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தகவல் தந்தார்கள். திருத்திக்கொள்ள அவகாசம் அளித்த பிறகு, 2018 நவம்பர் 5 அன்று முடிவுகளை வெளியிட்டார்கள். முதலில் வெளியான பட்டியலில் குருசியல் நிறுவனத்தின் எம்.எக்ஸ்.100, எம்.எக்ஸ்.200, எம்.எக்ஸ்.300 ஆகியவையும், சாம்சங் நிறுவனத்தின் 840 ஈவோ, 850 ஈவோ ஆகியவையும், டி3, டி5 என்ற யூ.எஸ்.பி. வட்டுகளும் இருந்தன.

அவர்கள் கண்ட குறைகளில் இரண்டு முதன்மையானவை. முதலாவதற்கு `CVE-2018-12037` என்ற எண் வழங்கப்பட்டது. கடவுச்சொல்லுக்கும் தரவுச் சாவிக்கும் கணிதத் தொடர்பே இல்லை என்பதுதான் அது. மேலே சொன்ன காவலாளியின் கதை. மின்சுற்றுப் பலகையில் சோதனைக்காக விடப்பட்டிருக்கும் ஜேடேக் என்ற இணைப்பின் வழியாகவோ, வேறு வழிகளிலோ, ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்ம்வேரில் அந்தச் சரிபார்ப்பு வரியை மாற்றிவிட்டால், எந்தக் கடவுச்சொல்லைத் தந்தாலும் வட்டு திறந்துகொள்ளும். இதற்கு வட்டு கையில் இருக்க வேண்டும், திறமையும் வேண்டும். ஆனால் கடவுச்சொல்லை உடைக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கணக்கிட வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, `CVE-2018-12038`, எஸ்.எஸ்.டி.யின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. நினைவகச் சில்லின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அது விரைவில் தேய்ந்துவிடும். எனவே, ஒரு செய்தியை மாற்றி எழுதச் சொன்னால், வட்டு அதைப் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழைய இடத்தை "இனி வேண்டாதது" என்று குறித்துக்கொள்கிறது. பழைய பிரதி உடனே அழிவதில்லை. 840 ஈவோவில் தரவுச் சாவி வைக்கப்பட்ட இடமும் இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டதாக இருந்தது. பயனர் கடவுச்சொல் அமைத்தபோது பூட்டிய சாவி புதிய இடத்தில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய, பூட்டப்படாத பிரதி பழைய இடத்தில் தங்கிவிட வாய்ப்பிருந்தது. பூட்டைச் சரியாகச் செய்தாலும் பழைய சாவியை அழிக்கத் தவறியதே இங்கே குறை.

எல்லா வட்டுகளும் எல்லா அமைப்பிலும் உடைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 850 ஈவோவில் பழைய ஏ.டி.ஏ. கடவுச்சொல் முறையை ஒரு குறிப்பிட்ட நிலையில் அமைத்தால் குறை இருந்தது. அதே வட்டை ஓபல் என்ற தரமுறையின்படி இயக்கினால் ஆய்வாளர்களால் உடைக்க முடியவில்லை. ஆக, ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, ஒரே ஏ.இ.எஸ். 256 என்றிருந்தும் முடிவுகள் இரண்டு. பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகத்தைப் படித்து இந்த வேறுபாட்டை யாராலும் அறிய முடியாது.

பிட்லாக்கர் இதில் எப்படிச் சிக்கியது

"நான் வட்டின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தவே இல்லையே, விண்டோஸின் பிட்லாக்கரைத்தானே பயன்படுத்துகிறேன்" என்று பலர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அக்காலத்தில் பிட்லாக்கரின் இயல்பான நடத்தை வேறு. குறியாக்கம் எனக்குத் தெரியும் என்று வட்டு அறிவித்தால், பிட்லாக்கர் தான் குறியாக்கம் செய்யாமல் அந்தப் பொறுப்பை வட்டிடமே ஒப்படைத்துவிடும். திரையில் பூட்டுச் சின்னம் தெரியும். பூட்டியது யார் என்பதைச் சின்னம் சொல்லாது.

ஆய்வு வெளியான மறுநாள், 2018 நவம்பர் 6 அன்று, மைக்ரோசாஃப்ட் `ADV180028` என்ற அறிவுறுத்தலை வெளியிட்டது. மென்பொருள் குறியாக்கத்துக்கு மாற விரும்புவோர் அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ள குறியாக்கத்தை நீக்கிவிட்டு மீண்டும் இயக்க வேண்டும் என்று அது சொன்னது. 2019 செப்டம்பரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பித்தலில் அந்நிறுவனம் இயல்பு அமைப்பையே மாற்றியது. புதிதாகக் குறியாக்கம் செய்யப்படும் வட்டுகளுக்கு இனி மென்பொருள் குறியாக்கமே இயல்பு. ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டவற்றின் வகை மாறாது.

எங்கள் அலுவலகக் கணினி சிக்கிக்கொண்டது இந்தக் கடைசி வாசகத்தில்தான். 2018இல் அமைத்தது, வட்டிடம் ஒப்படைக்கப்பட்ட நிலையிலேயே இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விண்டோஸை எத்தனையோ முறை புதுப்பித்தோம். ஒருமுறைகூட அது மாறவில்லை. மாறும் என்று யாரும் வாக்களிக்கவும் இல்லை. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று கருதியது எங்கள் பிழை.

ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் போதாதா?

ஆய்வுக்குப் பின் குருசியல் தன் வட்டுகளுக்குத் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. சாம்சங் தன் யூ.எஸ்.பி. வட்டுகளின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னது. கணினிக்குள் பொருத்தப்படும் வட்டுகளுக்கோ, தனியே ஒரு குறியாக்க மென்பொருளை நிறுவிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. தயாரித்த நிறுவனமே வட்டின் குறியாக்கத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பயன்படுத்தச் சொன்னது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வட்டின் இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பை விண்டோஸின் பவர்ஷெல்லில் இந்த ஒரு வரியால் அறியலாம்.

```
Get-PhysicalDisk | Select FriendlyName, FirmwareVersion
```

கிடைக்கும் மாதிரிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய பதிப்பு இருந்தால் ஏற்றலாம். ஏற்றவும் வேண்டும், ஏனெனில் தரவு இழப்புக்கு வழிவகுக்கும் வேறு பிழைகளையும் அது திருத்தக்கூடும். ஏற்றுவதற்கு முன் முழுப் பிரதி ஒன்றைத் தனி வட்டில் எடுத்துவிட்டு, மடிக்கணினியை மின்சாரத்தில் இணைத்துவைத்த பிறகே தொடங்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் வட்டு எழுந்திருக்காமலே போகலாம்.

ஆனால் குறியாக்கத்தைப் பொறுத்தவரை ஃபர்ம்வேர் புதுப்பித்தலுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, புதிய ஃபர்ம்வேர் சாவியைச் சரியாகப் பூட்டுகிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று நிறுவனத்தின் சொல். பழைய ஃபர்ம்வேரைப் போலவே புதியதன் மூலநிரலும் மூடியே இருக்கிறது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் யாரும் ஏற்பதில்லை. இங்கே குறுக்கு விசாரணைக்கே வழியில்லை. இரண்டாவது, இனி எழுதப்படுவதைப் புதிய ஃபர்ம்வேர் சரியாகச் செய்தாலும், முன்பே திறந்த நிலையில் எழுதப்பட்ட சாவியின் பிரதி சில்லின் ஏதோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். புதுப்பித்தல் என்பது காவலாளியைத் திருத்துவது. ஆணியில் தொங்கிய சாவியை ஏற்கெனவே யாராவது படியெடுத்திருந்தால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

எங்கள் கணினியில் செய்தது

நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து இந்த வரியை இட்டால், பிட்லாக்கரின் உண்மை நிலை தெரியும்.

```
manage-bde -status C:
```

பதிலில் `Encryption Method` என்ற வரியைப் பாருங்கள். அதற்கு நேரே `XTS-AES 128` அல்லது `XTS-AES 256` என்று இருந்தால் குறியாக்கம் செய்வது விண்டோஸ். `Hardware Encryption` என்று தொடங்கினால் பொறுப்பு வட்டிடம் இருக்கிறது. `None` என்று இருந்தால் குறியாக்கமே இல்லை. அந்த மாணவி எனக்குக் காட்டியது இரண்டாவது வகை.

முதலில் முழுப் பிரதி எடுத்தோம். பிறகு பழைய குறியாக்கத்தை நீக்கினோம்.

```
manage-bde -off C:
```

மீண்டும் நிலையைக் கேட்டு, முழுவதும் நீங்கியதை உறுதிசெய்த பிறகு, மென்பொருள் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கி இயக்கினோம்.

```
manage-bde -on C: -fet software -rp
```

இதில் `-fet software` என்பது வட்டிடம் ஒப்படைக்காமல் விண்டோஸே செய்ய வேண்டும் என்ற கட்டளை. `-rp` என்பது 48 இலக்க மீட்புச் சாவியை உருவாக்குகிறது. அந்த எண்ணைத் தாளில் எழுதி, கணினி இருக்கும் பையில் அன்றி, வேறிடத்தில் பூட்டிவைக்க வேண்டும். அது தொலைந்தால் நம் கோப்புகளை நாமே இழப்போம். வேலை முடிந்ததும் நிலையை மூன்றாவது முறையும் கேட்டோம். `XTS-AES` என்ற சொல்லைக் கண்ணால் கண்ட பிறகே கணினியை மூடினோம்.

விண்டோஸின் ஹோம் பதிப்பில் பிட்லாக்கரின் முழு வசதி இல்லை. அத்தகைய கணினி வைத்திருக்கும் மாணவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதன் மூலநிரல் திறந்திருக்கிறது. வெளியார் அதைத் தணிக்கை செய்திருக்கிறார்கள். லினக்ஸில் லக்ஸ் என்ற ஏற்பாடு உண்டு. மென்பொருள் குறியாக்கம் கணினியை மெதுவாக்கிவிடும் என்ற அச்சம் பழையது. கடந்த பத்தாண்டில் வந்த பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகளில் ஏ.இ.எஸ். கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. மனு தட்டச்சு செய்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இவ்வளவு செய்த பிறகும் அந்தப் பழைய வட்டில் ஓர் ஐயம் மீதமிருந்தது. மேலே சொன்ன தேய்மான ஏற்பாட்டால், முன்பு எழுதப்பட்ட கோப்புகளின் துணுக்குகள், விண்டோஸின் கைக்கு எட்டாத உதிரிப் பகுதிகளில் தங்கியிருக்கலாம். அவற்றைக் காப்பது அந்த நம்பத்தகாத தரவுச் சாவி மட்டுமே. எனவே சாட்சிகளின் விவரங்கள் இருந்த அந்தக் கணினிக்குப் புதிய வட்டு ஒன்றை வாங்கினோம். ஒரு கோப்பைக்கூட அதில் ஏற்றுவதற்கு முன்பே மென்பொருள் குறியாக்கத்தை இயக்கினோம். தொடக்கம் முதல் குறியாக்கம் செய்யப்பட்ட வட்டில், குறியாக்கத்துக்கு முந்தைய துணுக்கு என்ற ஒன்று இருக்காது. பழைய வட்டை விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இரண்டாம் கைச் சந்தைக்குப் போகும் வட்டு எந்த ஊரில், எவர் கையில் போய்ச் சேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

வட்டு சான்றாக இருக்கும்போது

இங்கே வழக்கறிஞராக ஓர் எச்சரிக்கை. தாக்குதலின் காணொளியோ, மிரட்டல் ஒலிப்பதிவோ மூலவடிவில் இருக்கும் வட்டில் அவசரப்பட்டு ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கக் கூடாது. மறுகுறியாக்கமும் செய்யக் கூடாது. பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவம் அந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். எனவே எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.

```
certutil -hashfile video.mp4 SHA256
```

குறியாக்கத்தை மாற்றிய பிறகும் கோப்பின் ஹாஷ் மாறாது, ஏனெனில் திறந்து படிக்கும்போது கிடைப்பது அதே கோப்புதான். முழு வட்டின் ஹாஷ் மாறிவிடும். உண்மையில், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் எஸ்.எஸ்.டி. தன் உள்ளே வேண்டாதவற்றைத் தானே அழித்துக்கொண்டிருப்பதால், நீக்கிய கோப்புகளின் தடயங்கள் கணினியை இயக்கிய சிறிது நேரத்திலேயே மறையக்கூடும். வட்டு முழுவதுமே சான்றாக வேண்டிய வழக்கென்றால், கணினியை இயக்காமல் தடயவியல் அறிந்தவரிடம் முதலில் பிரதி எடுக்கச் சொல்வதே முறை.

குறியாக்கம் காக்காத இடங்கள்

சரியாகச் செய்த குறியாக்கமும் அணைக்கப்பட்ட வட்டை மட்டுமே காக்கும். கணினியை மூடிவைத்து உறக்க நிலையில் விட்டால் சாவி நினைவகத்தில் இருக்கும். ரயிலில் பையில் வைப்பதற்கு முன் முழுமையாக அணைக்க வேண்டும். பல கணினிகளில் பிட்லாக்கர் கடவுச்சொல் எதுவும் கேட்காமல், பலகையில் உள்ள பாதுகாப்புச் சில்லிலிருந்தே சாவியை எடுத்துக்கொள்கிறது. கணினியோடு சேர்த்துத் திருடுபோனால் இந்த வசதியே பலவீனமாகிறது. இயங்கத் தொடங்கும்போதே ஒரு பின் எண்ணைக் கேட்கும்படி அமைப்பது மேல்.

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழையும் தீய மென்பொருளை எந்த வட்டுக் குறியாக்கமும் தடுக்காது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினியின் வட்டுப் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம், தீய மென்பொருளின் வழியாகக் கோப்புகள் அதில் வைக்கப்பட்டன என்று 2021இல் வெளியான அறிக்கையில் கூறியது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அறிக்கை சொல்வது போன்ற ஊடுருவலில் கணினியின் உரிமையாளர் தன் கையாலேயே பூட்டைத் திறந்துவைத்திருக்கிறார். குறியாக்கம் அங்கே பார்வையாளர் மட்டுமே. அந்த ஆபத்துக்குத் தற்காப்பு வேறு.

ஆனாலும் தொலைந்த பை, திருடுபோன கணினி, பழுதுபார்க்கக் கொடுத்த வட்டு ஆகிய மூன்றும் நம் அன்றாடத்தில் நிகழ்பவை. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமையைச் சாட்சியச் சட்டம் வழக்கறிஞர் மீது சுமத்துகிறது. நம் வாயைக் கட்டும் அந்தச் சட்டம், நம் பையைத் திருடியவரின் கையைக் கட்டாது. அங்கே நிற்க வேண்டியது பூட்டு. அந்தப் பூட்டின் சாவி எங்கே தொங்குகிறது என்பதை `manage-bde -status` என்ற ஒரு வரி சொல்லிவிடும். அடுத்த சாட்சியின் முகவரியைத் தட்டச்சு செய்வதற்கு முன் அதை இயக்கிப் பாருங்கள், தோழர்களே.